கையில் சுருக்கம் விழாமல் வைக்க நான்கு வழிகள்: உங்கள் துணிக்கு எது?

தைக்கப் பழகுபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கை வைப்பதைப் பற்றித்தான். கழுத்து, பட்டி, டாட் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். கையை உடம்போடு சேர்க்கும்போது தோளுக்குக் கீழே பொடிப்பொடியாகச் சுருக்கம் விழும். பிரித்துத் தைத்தால் சுருக்கம் இடம் மாறும், போகாது. "ரெண்டு நூல் ஓட்டி இழுக்கச் சொல்றாங்க, சிலர் விரலை வச்சு அழுத்தச் சொல்றாங்க, டெய்லர் கடைல ஒண்ணுமே பண்ணாம நேரா வச்சுத் தைக்கிறாங்க. எதைப் பண்றது?" என்று போன வாரம்கூட ஒருவர் கேட்டார். பாப்ளின் துணியில் முழங்கை வரை கை வைத்த குர்தி. மூன்று முறை பிரித்தாகிவிட்டது. அந்தக் குர்தியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

## முதலில் டேப்பை எடுங்கள்

கையின் மேல் வளைவு, அது போய் உட்காரும் ஆர்ம்ஹோலைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் வெட்டப்பட்டிருக்கும். அந்த அதிகப்படியை இங்கே 'கூடுதல்' என்று சொல்கிறேன். தோள் எலும்பின் உருண்டையைத் துணி தாண்டிப் போக வேண்டும், அதற்குத்தான் அது. இந்தக் கூடுதலை மடிப்பு விழாமல் தையலுக்குள் அடக்குவதுதான் வேலை. பஃப் கையில் அதே கூடுதல் சுருக்காக வெளியே தெரிய வேண்டும், இங்கே தெரியக் கூடாது.

எந்த வழி என்று முடிவு செய்யும் முன் கூடுதல் எவ்வளவு என்று தெரிய வேண்டும். இதைத் துணியின் ஓரத்தில் அளந்தால் தப்பான கணக்கு வரும். ஆர்ம்ஹோல் குழிந்த வளைவு. தையலுக்கு விட்ட ஓரம் அந்த வட்டத்துக்கு உள்பக்கம் இருப்பதால் வெட்டிய ஓரம் தையல் கோட்டைவிடக் குட்டை. அரை அங்குலம் தையலுக்கு விட்டிருந்தால் முழு வட்டத்துக்கு ஏறக்குறைய 3 அங்குலம் குறைத்துக் காட்டும். கையின் மேல் வளைவு வெளிப்பக்கம் புடைத்தது. அங்கே வெட்டிய ஓரம் நீளமாகக் காட்டும். ஆக, ஓரத்தில் அளப்பவருக்கு இல்லாத கூடுதல் எல்லாம் இருப்பதாகத் தெரியும். பேட்டர்ன் காகிதத்தில் தையல் கோட்டைப் பென்சிலால் வரைந்து, டேப்பைப் படுக்க வைக்காமல் அதன் விளிம்பை நிமிர்த்தி நிறுத்தி அந்தக் கோட்டின் மேல் ஓட்டி அளங்கள்.

அந்தக் குர்தியில் ஆர்ம்ஹோல் 17 அங்குலம், கையின் வளைவு 18½ அங்குலம். கூடுதல் ஒன்றரை அங்குலம்.

அடுத்து, துணி எவ்வளவு தாங்கும்? கையின் வளைவில் எல்லா இடமும் ஒரே மாதிரி துணியை உள்வாங்காது. உச்சியில், தோள் தையலுக்கு நேராக இருக்கும் ஓர் அங்குலத்தில், தையல் குறுக்கு நூலை ஒட்டிப் போகிறது. அங்கே துணி அசைந்து கொடுக்காது. அதற்கு இரண்டு பக்கமும் வளைவு சரிந்து இறங்கும் இடத்தில் தையல் கிராஸாக, அதாவது நூலுக்குச் சாய்வாகப் போகும். அங்கே நூல்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கொடுக்கும், கூடுதலை அங்கேதான் அடக்க முடியும். அக்குளின் அடியில், கையும் உடம்பும் சேர வேண்டிய இடத்தைக் காட்ட ஓரத்தில் போடும் முன் பின் கட் மார்க்குகளுக்குக் கீழே, கூடுதல் வைக்கவே கூடாது. அங்கே கையும் உடம்பும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

எவ்வளவு தாங்கும் என்பதை ஊகிக்க வேண்டாம். மிச்சத் துணியில் கிராஸாக 6 அங்குலத் துண்டு ஒன்று வெட்டி, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே நூல் ஓட்டி இழுத்துப் பாருங்கள். எந்த நீளம் வரை தையல் கோடு மொழுமொழுவென்று இருக்கிறது, எங்கே முதல் மடிப்பு எழும்புகிறது என்று பார்த்து அளந்தால் போதும். கெட்டியாக நெய்த பாப்ளின் எனக்குப் பெரும்பாலும் 6 அங்குலத்துக்குக் கால் அங்குலம் தாண்டியதும் மடிப்புக் காட்டிவிடும். தளர்வாக நெய்த கைத்தறிப் பருத்தி அரை அங்குலம் வரை போகும். கம்பளித் துணி இரண்டையும் மிஞ்சும், ஆவியில் காட்டினால் கூடுதலைத் தானே சுருக்கிக்கொள்ளும். பாலியஸ்டர் ஆவிக்கு மசியவே மசியாது.

குர்திக்குக் கணக்குப் போடுவோம். கிராஸாகப் போகும் பகுதி முன்னும் பின்னும் சேர்த்து 11 அங்குலம் வைத்தாலும் பாப்ளின் ஏறக்குறைய அரை அங்குலம்தான் தாங்கும், ரொம்ப இழுத்துப் பிடித்தால் முக்கால். இருப்பதோ ஒன்றரை. ஆக மூன்று முறை பிரித்ததில் அவர் கை மேல் குற்றமே இல்லை. எந்த வழியில் வைத்திருந்தாலும் சுருங்கித்தான் இருக்கும்.

இந்த நிலையில் முறையை மாற்றுவதால் பயனில்லை, கையை மறுபடி வெட்ட வேண்டும். உச்சியை 3/8 அங்குலம் தாழ்த்தினோம். அவர் மேல்கைச் சுற்று 12 அங்குலம், கை அகலம் 15 இருந்ததால் இரண்டு பக்கமும் கால் அங்குலம் குறைத்து 14½ ஆக்கினோம். இந்த அளவுள்ள கையில் உச்சி தாழ்த்தியதில் ஏறக்குறைய 0.4 அங்குலம் போகும், அகலம் குறைத்ததில் இன்னொரு 0.4 போகும். கட் மார்க்கை நகர்த்தி மறுபடி அளந்தபோது கூடுதல் சுமார் 5/8 அங்குலம் நின்றது. உச்சியை மட்டுமே தாழ்த்தி மொத்தத்தையும் சரிக்கட்டலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கையைத் தொங்கவிடும்போது உச்சியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக இழுப்பு விழும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கூடுதல் எவ்வளவு, துணி என்ன என்ற இரண்டும்தான் பாதி முடிவைச் சொல்லிவிடும். மீதிக்கு நான் பார்ப்பது மூன்று. தையல் துளையோ தடமோ வெளியே தெரியுமா? பின்னால் பிரித்துப் பெரிதாக்க முடியுமா? எவ்வளவு நேரம் ஆகும்? நம் ஊரில் இரண்டாவது கேள்வி பெரியது. பிளவுஸ் பக்கத்தில் இரண்டு மூன்று கோடு தையல் போட்டு உள்ளே துணி விடுவதே நாளைக்கு ஒன்றைப் பிரித்துவிடலாம் என்றுதான். கை வைக்கும் முறை அதில் கை வைத்தால் பிறகு சங்கடம்.

| வழி | அடக்கக்கூடிய கூடுதல் | ஒரு ஜோடிக்கு நேரம் | எங்கே உதைக்கும் |
|---|---|---|---|
| இரண்டு நூல் இழுப்பது | துணி தாங்கும் உச்சம் வரை | முக்கால் மணிக்கு மேல் | பட்டில் துளைத் தடம், ஒரே இடத்தில் குவிவது |
| விரலால் அடைப்பது | முக்கால் அங்குலம் வரை நிம்மதியாக | அரை மணி | வழுக்கும் துணி, கை பழக வேண்டும் |
| விரித்து வைத்து, மெஷின் பல் மேல் தைப்பது | கால் முதல் 3/8 அங்குலம் | கால் மணி | கூடுதல் அதிகமானால் மடிப்பு மாட்டும் |
| கிராஸ் பட்டி | முக்கால் அங்குலத்துக்கு மேல் | ஒரு மணி | மெல்லிய துணியில் தடிமன் |

நேரம் என் கணக்கு. கடை டெய்லருக்கு இதில் பாதிகூட ஆகாது.

## இரண்டு நூல் இழுப்பது

தையல் வகுப்புகளில் முதலில் சொல்லித்தருவது இதுதான். மெஷினில் தையல் நீளத்தை ஆகப் பெரிதாக வைத்து, ஒரு கட் மார்க்கிலிருந்து இன்னொரு கட் மார்க் வரை உச்சி வழியாக இரண்டு வரிசை. ஒன்று தையல் கோட்டை ஒட்டி ஓரப்பக்கம், மற்றது அதற்குக் கால் அங்குலம் வெளியே. பாபின் நூலை இரு முனையிலும் இழுத்தால் துணி கூடும்.

இதன் நல்ல பக்கம், தைக்கும் முன்பே எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து நகர்த்திக்கொள்ளலாம். அதனால் புதிதாகப் பழகுபவர்க்கும், கூடுதல் அதிகமாக இருக்கும்போதும் இதுவே சரி. இரண்டாவது வரிசை எதற்கு என்று சிலர் அதை விட்டுவிடுவார்கள். ஒரே நூலில் துணி கோழி இறகு மாதிரிச் சிலிர்த்து நிற்கும். இரண்டு நூல் இருந்தால் நடுவே துணி படுத்துக்கிடக்கும், மெஷின் ஊசி அதன் மேல் அமைதியாகப் போகும்.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், இழுத்தவுடன் கூடுதல் எல்லாம் நூல் சுலபமாக ஓடும் இடத்தில் போய்க் குவியும். நூலை இழுத்தால் போதும் என்று நினைத்துவிட்டால் முன்பக்கம் பஃப் கை, பின்பக்கம் மொட்டை. இழுத்த பிறகு விரல் நகத்தால் கூடுதலைத் தள்ளித் தள்ளி, உச்சி ஓர் அங்குலத்தைச் சமமாக்கி, மீதியை முன்னுக்குக் கொஞ்சம் குறைவாகவும் பின்னுக்குக் கொஞ்சம் அதிகமாகவும் பரப்ப வேண்டும். கையை முன்னால் நீட்டும்போது பின்பக்கத்துக்குத்தான் துணி தேவை. இந்தப் பரப்பும் வேலைக்கே இருபது நிமிடம் போகும்.

பட்டில் ஊசித் துளை அப்படியே நின்றுவிடும். என்னுடைய ராசில்க் பிளவுஸ் ஒன்றில் இழுக்கும் நூலில் ஒன்றைத் தையல் கோட்டுக்கு உட்பக்கம் ஓட்டினேன். அப்படிச் செய்தால் தையல் நடுவே நேராக உட்காரும் என்று எங்கோ கேட்ட யோசனை. பருத்தியில் அது நன்றாகவே வேலை செய்யும். ராசில்க்கில் தோளைச் சுற்றிப் புள்ளிக்கோலம் போட்ட மாதிரி துளை வரிசை இன்னும் இருக்கிறது. அந்த பிளவுஸை முந்தானையைப் பிரித்து விட்டுக் கட்டும் புடவைக்குத்தான் போடுகிறேன். பட்டென்றால் இரண்டு வரிசையும் ஓரத்துக்குள்ளேயே இருக்கட்டும், அல்லது கையால் மெல்லிய ஊசியில் பொடி ஓட்டுத் தையல் போடுங்கள்.

## விரலால் அடைப்பது

எனக்குப் பிடித்த வழி இது. சொல்லும்போது மாயவித்தை மாதிரி இருக்கும். கையை மட்டும் தனியாக எடுத்து, சாதாரண நீளத் தையலில், தையல் கோட்டை ஒட்டி ஓரப்பக்கமாக ஒரே வரிசை தைக்க வேண்டும். தைக்கும்போது ஆள்காட்டி விரலை ஃபுட்டுக்குப் பின்னால் துணி மேல் அழுத்தி வைத்து, துணி பின்னால் போகாமல் அடைக்க வேண்டும். மெஷின் பல் துணியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அது போக வழியில்லாமல் விரலுக்கும் ஃபுட்டுக்கும் நடுவே குவியும். இரண்டு மூன்று அங்குலம் சேர்ந்ததும் விரலை எடுத்து, மறுபடி வைத்துத் தொடரலாம். தையல் ஒவ்வொன்றும் துளித்துளித் துணியைப் பிடித்துக்கொள்வதால் கையின் ஓரம் தானாகவே உள்பக்கம் கவிழ்ந்து கிண்ணம் மாதிரி ஆகும்.

நூல் இழுப்பதைவிட இதில் ஒரு பெரிய லாபம், கூடுதல் சமமாகப் பரவிவிடும், பிறகு நகராது. எங்கே அடைக்க வேண்டும், எங்கே கூடாது என்பதும் நம் விரலில் இருக்கிறது. கட் மார்க்கில் ஆரம்பித்து அடைத்துக்கொண்டு போய், உச்சிக்கு அரை அங்குலம் முன்பு விரலை எடுத்துவிட்டு, உச்சி ஓர் அங்குலத்தைச் சும்மா தைத்து, மறுபடி அடைக்க வேண்டும்.

பிறகு ஆர்ம்ஹோலோடு வைத்துப் பார்க்க வேண்டும். கை இன்னும் நீளமாக இருந்தால் அதே தையல் மேல் இன்னொரு முறை அடைக்கலாம். குட்டையாகிவிட்டால் ஓர் அங்குலத்துக்கு ஒரு தையல் என்று வெட்டிவிட்டால் தளர்ந்து கொடுக்கும், முழுதும் பிரிக்க வேண்டாம்.

செலவு என்றால், முதல் தடவையே வராது. மிச்சத் துணியில் நாலைந்து துண்டுகள் பாழாகும். ஷிஃபான், ஜார்ஜெட் போல வழுக்கும் துணிகள் விரலுக்குக் கீழே சமமாக அடையாது, பக்கவாட்டில் ஓடும். சில மெஷின்களில் ஃபுட்டுக்குப் பின்னால் விரல் வைக்க இடமே இருக்காது, அப்போது பென்சிலின் ரப்பர் முனையால் அழுத்தலாம். விரல் ஃபுட்டுக்குப் பின்னால் மட்டும்தான் இருக்க வேண்டும், ஊசிக்கு முன்னால் ஒருபோதும் வேண்டாம்.

## விரித்து வைத்து, மெஷின் பல் மேல் தைப்பது

கடையில் ஒன்றுமே பண்ணாமல் தைப்பதாகத் தெரிகிறதே, அது இதுதான். தோள் தையல் மட்டும் முடிந்திருக்கும், பக்கம் திறந்திருக்கும். கையை விரித்த நிலையிலேயே ஆர்ம்ஹோலோடு சேர்த்துவிட்டு, பிறகு கை அடியிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். ஆண்கள் சட்டையிலும் பெரும்பாலும் இதே வரிசைதான்.

ஒன்றும் பண்ணாத மாதிரி தெரிந்தாலும் டெய்லர் ஒன்று பண்ணுகிறார். நீளமான துணியைக் கீழே போடுகிறார். மெஷின் பல் கீழே இருக்கும் துணியைப் பிடித்துத் தள்ளும், மேலே இருப்பதை ஃபுட் உரசித் தடுக்கும். அதனால் ஒவ்வொரு தையலிலும் கீழ்த்துணி ஒரு துளி அதிகமாக உள்ளே போகும். கை கீழே, உடம்பு மேலே என்று வைத்தால் கால் அங்குலக் கூடுதல் தெரியாமலே கரைந்துவிடும். மாற்றி வைத்தால் அதே கால் அங்குலம் கடைசியில் மிஞ்சி நிற்கும். மெஷின் சரியில்லை என்று திட்டும் பலர் துணியை மேல் கீழ் மாற்றி வைத்தவர்கள்தான்.

நம் ஊர் புடவை பிளவுஸில் கையும் ஆர்ம்ஹோலும் பெரும்பாலும் ஏறக்குறையச் சமமாக வெட்டப்படுவதால் இந்த வழி கச்சிதமாகப் பொருந்தும். பிரித்துப் பெரிதாக்குவதும் இதில்தான் சுலபம், பக்கக் கோட்டில் ஒன்றைப் பிரித்தால் கையும் உடம்பும் சேர்ந்தே விரியும். மற்ற மூன்று வழிகளிலும் வழக்கமாகப் பக்கத்தையும் கையையும் தனித்தனியே மூடிவிட்டு, வட்டத்துக்குள் வட்டமாகக் கையை வைப்பது. அப்புறம் பெரிதாக்க வேண்டுமானால் முதலில் அக்குளில் கையைப் பிரித்தாக வேண்டும்.

எல்லை என்னவென்றால் 3/8 அங்குலத்துக்கு மேல் போனால் கீழே மடிப்பு மாட்டும். கீழே இருப்பதால் தைத்து முடித்துத் திருப்பிப் பார்க்கும் வரை தெரியவும் தெரியாது.

## கிராஸ் பட்டி

கிராஸாக வெட்டிய ஒன்றே கால் அங்குல அகலப் பட்டியைக் கையின் உள்பக்கம் தையல் ஓரத்தில் வைத்து, பட்டியை மட்டும் நன்றாக இழுத்துப் பிடித்து, கையை இழுக்காமல் தைப்பது. பிடியை விட்டதும் பட்டி பழைய நீளத்துக்குத் திரும்பும், திரும்பும்போது கையின் ஓரத்தையும் கூட்டிக்கொள்ளும். பட்டியை முன்பே இஸ்திரி போட்டு நீட்டிவிட்டால் திரும்பாது, அதனால் வெட்டியபடியே வைக்க வேண்டும்.

கோட், பிளேசர், கனமான லைனிங் வைத்த உடைக்கு இதுதான் சிறந்தது. பட்டி உள்ளேயே தங்கி உச்சியைத் தாங்கிப் பிடிப்பதால் தோளில் பள்ளம் விழாது. பாப்ளின் குர்திக்கோ மல் பருத்திக்கோ வைத்தால் வெளியே ஒரு வரம்பு தெரியும். வேர்வைக் காலத்தில் அந்தத் தடிமன் வேறு குத்தும்.

## அந்தக் குர்திக்கு என்ன செய்தோம்

5/8 அங்குலம் கூடுதல், கெட்டி நெசவு. விரித்து வைத்துத் தைக்க அது அதிகம், பட்டிக்குக் குறைவு. மிஞ்சியது நூலும் விரலும். விரலால் அடைத்தோம், பின்பக்கம் 3/8, முன்பக்கம் கால் அங்குலம். அவர் நூல்தான் வேண்டும் என்றிருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன், பாப்ளினில் துளைத் தடம் ஒரு துவைப்பில் போய்விடும்.

அடைத்த பிறகு துவட்டும் துண்டு ஒன்றை இறுக்கிச் சுருட்டி, அதன் முனையில் கையின் உச்சியைத் தொப்பி மாதிரிப் போட்டுப் பார்த்தோம். வெட்டிய ஓரத்தில் அலை இருக்கலாம், அதனால் பாதகம் இல்லை. தையல் கோட்டில் அலை இருக்கக் கூடாது. பின்பக்கம் ஒரே இடத்தில் இருந்தது, அங்கே இரண்டு தையலை வெட்டியதும் படிந்தது. பருத்தி என்பதால் ஈரத்துணி வைத்து ஓரத்தை மட்டும் ஆவியில் காட்டி, ஆறும் வரை துண்டின் மேலேயே விட்டோம். பட்டில் ஈரத்துணி வைக்காதீர்கள், சில பட்டில் நீர்க்கறை படிந்துவிடும்.

உச்சி, முன் பின் கட் மார்க், அக்குள் என்று நான்கு இடத்தில் குண்டூசி குத்தி, நடுவே கையால் ஓட்டுத் தையல். மெஷினில் கையை மேல்பக்கம் வைத்துத் தைத்தார். பல் மேல் கை இருக்க வேண்டும் என்று சொன்னேனே, அது அடைக்காத கைக்கு. ஏற்கெனவே அடைத்துச் சமமாக்கிய கைக்கு அந்த உதவி வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதுதான் முக்கியம்.

ஒரு இடத்தில் மட்டும் மடிப்பு மாட்டியது, முன்பக்கம் கட் மார்க்குக்கு ஓர் அங்குலம் மேலே. முழுக் கையையும் பிரிக்கக் கத்தியை எடுத்துவிட்டார். மடிப்புக்கு இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை அங்குலம் மட்டும் பிரித்து, ஊசி முனையால் துணியைத் தள்ளிப் பரப்பித் திரும்பத் தைத்தால் போதும்.

கடைசியில் இஸ்திரி. தையல் ஓரம் கைப்பக்கம் சாய வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் முனை ஓரத்தின் மேல் மட்டும் படலாம், தையலைத் தாண்டிக் கைக்குள் போனால் இவ்வளவு நேரம் உருட்டிய உருண்டை தட்டையாகி, அடக்கிய கூடுதல் எல்லாம் மடிப்பாக எழுந்து வரும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் இடது கையை அப்படித் தட்டையாக்கிவிட்டார். துண்டைச் சுருட்டி மறுபடி ஆவி காட்டியதும் எழும்பிக்கொண்டது. பாலியஸ்டராக இருந்திருந்தால் எழும்பியிருக்காது.